பாளையம் டோல், மாலை 6.12

சேலத்தில் 200 மூட்டை ஜவ்வரிசி ஏறும். மூட்டைக்கு 90 கிலோ, ஆக 18 டன். நாக்பூரில் இறக்கிவிட்டு, வரும் வழியில் நிஜாமாபாத்தில் கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு நாமக்கல். ராசு இதே ரோட்டில் பத்தொன்பது வருஷமாக ஓடுகிறான். சொந்த வண்டி, பத்துச் சக்கரம். டியூ இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

முதலில் பழியை லைட் மீதுதான் போட்டான். 24 வோல்ட், 75/70 வாட் பல்பு இரண்டும் புதுசாக மாற்றினான். மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியையும் மாற்றினான். முன்கண்ணாடியைச் செய்தித்தாளை நனைத்துத் தேய்த்தான். எதிரே வண்டி வந்து கடந்ததும் ரோடு அப்படியே காணாமல் போனது. முன்பெல்லாம் இரண்டு நொடியில் திரும்பி வரும். இப்போது அரைக் கிலோமீட்டர் போன பிறகும் வெறும் கருப்பு.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தான். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு நாற்பது மீட்டர் விட்டுத் தொடர்வது. கர்னூலைத் தாண்டி ஒரு ராத்திரி அந்தச் சிவப்பு இடதுபக்கம் சாய்ந்தது, இவனும் சாய்த்தான். டயருக்கடியில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவன் தாபாவுக்குள் போகிறான் என்று. டீசல் பம்புக்கு ஒரு கை தூரத்தில் வண்டி நின்றது. அன்றோடு ராத்திரி ஓட்டுவதை விட்டான். கிளீனரையும் நிறுத்திவிட்டான். பையன் பக்கத்து ஊர். அவன் வாயில் விழுந்தால் திருச்செங்கோடு வரை போய்விடும்.

சேலத்தில் ஒரு கண் டாக்டர் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார். நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரத்தில் வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். ராசு ரொம்ப நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தான். மெஷின் கெட்டுவிட்டதா என்றுகூட நினைத்தான். வெளியே வந்த தாளில் நடுவே சின்ன வெள்ளை வட்டம், சுற்றிலும் மை கொட்டியதுபோல் கருப்பு.

"பகல்ல போர்டுல கடைசி வரி வரைக்கும் படிக்கறீங்க. அதனாலதான் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது யாருக்கும் தெரியல. விழித்திரை ஓரத்துலருந்து போயிட்டு வருது. கண்ணாடி போட்டாலும் சரியாகாது, மாலைக்கண்ணுக்குத் தர்ற வைட்டமின் மாத்திரையும் இதுக்கு உதவாது. வண்டிய நிறுத்திடுங்க." பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "அப்பா, அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?"

"அத்தை மகளுங்க."

"நீங்க?"

"அக்கா மகளுங்க."

"பரம்பரையா வர்றது. பசங்களையும் ஒருதரம் காட்டிருங்க."

கீதாவுக்கு அப்போதுதான் ராசிபுரத்திலிருந்து ஜாதகம் கேட்டு வந்திருந்தார்கள். அந்தத் தாளை நாலாக மடித்து ஆர்சி புக் உறைக்குள் செருகினான்.

வண்டி பகலில் மட்டும் ஓடியது. மாசம் மூன்று நடை இரண்டானது. தொப்பூர் கணவாயைப் பொழுது இருக்கும்போதே இறங்க முடியாவிட்டால் மேலேயே நிறுத்திக்கொள்வான். அந்த இறக்கத்தை மூன்றாவது கியரில், எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுத்தான் இறங்க வேண்டும். காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் டிரம் சூடேறிப் பாதியிலேயே பிரேக் பிடிக்காது. இதெல்லாம் அவனுக்குத் தூக்கத்திலும் வரும். ஆனால் டெயில் லைட் இல்லாமல் நிற்கிற வண்டி கண்ணில் பட வேண்டுமே.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டான். ஃபாஸ்டேக் மரகதத்தின் நம்பரில் இருந்தது.

"ஏனுங் மாமா, பாளையம் டோலு சாயங்காலம் ஆறு பன்னண்டு. ஓமலூர் டோலு காலைல ஆறே முக்கால்." செல்போனை அவன் முன்னால் நீட்டினாள். "போன நடையும் இப்படித்தான். அதுக்கு முந்தின நடையும். வீடு இன்னும் மூணு மணி நேரம்தான். அங்க யாரு இருக்கறா?"

ராசு சோற்றைப் பிசைந்தபடி இருந்தான். அவள் எதைக் கேட்கிறாள் என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது.

"சொல்லுங்."

"உள்ள கீதா இருக்கறா. மெதுவாப் பேசு."

இல்லை என்று அவன் சொல்லவே இல்லை. மரகதம் தட்டை எடுத்தாள். கை கழுவத் தண்ணீர்கூட ஊற்றாமல் வாசல் லைட்டை அணைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் இறங்கிப் போனாள். கன்றுக்குட்டி ஒருதரம் கத்தியது. அப்புறம் அவள் மூக்கைச் சிந்தும் சத்தம்.

ராசு எழுந்தான். திண்ணையிலிருந்து படி வரைக்கும் ஏழு அடி, அது மனப்பாடம். படிக்குக் கீழே சாயங்காலம் யாரோ கயிற்றுக் கட்டிலை நகர்த்திப் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் என்று பார்த்து வைக்கவில்லை. காலை நீட்டித் துழாவினான், இழுத்துக்கொண்டான். சுவிட்ச் அவளைத் தாண்டிக் கதவோரத்திலா, தூணிலா? போன மாசம்தான் கீதா மாற்றி வைக்கச் சொல்லியிருந்தாள்.

"மரகதம்" என்றான்.

"நின்ன எடத்துலயே நின்னு கூப்புடறதப் பாரு" என்றாள் அவள், இருட்டுக்குள்ளிருந்து.