மறுசீரமைப்பு அறிவிப்பு: 34 பணியிடங்கள் நிறுத்தப்படுகின்றன

பெறுநர்: அனைத்துப் பணியாளர்கள்
அனுப்பும் நேரம்: செவ்வாய், காலை 10.00

அன்புள்ள சக பணியாளர்களே,

நமது நிறுவனத்தில் இப்போது உள்ள 286 பணியிடங்களில் 34 நிறுத்தப்படுகின்றன. மேலும் 19 பேருக்குக் குழு அல்லது மேலாளர் மாறுகிறது. அவர்களுடைய ஊதியமும் பதவிநிலையும் மாறாது. உங்கள் பெயர் இதில் இருக்கிறதா என்பது இன்று பிற்பகல் 1 மணிக்குள் உங்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடும்.

இயக்குநர் குழுவுக்காக நாங்கள் தயாரித்த விளக்கப்படத்தில் "செயல்திறன் மேம்பாடு", "ஆற்றல் மறுபகிர்வு" என்ற சொற்கள் இருந்தன. அதில் பெட்டிகளும் அம்புக்குறிகளும்தான் இருந்தன, மனிதர்கள் இல்லை. அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருப்பது 34 பேர் வேலை இழக்கிறார்கள் என்பதே. எனவே அந்தச் சொற்கள் எதையும் இந்தக் கடிதத்தில் பயன்படுத்தவில்லை. ஊதிய விவரங்களை மட்டும் நீக்கிவிட்டு, 18 பக்க விளக்கப்படத்தை இதனுடன் இணைத்திருக்கிறோம்.

இன்று நடக்கப்போவது

காலை 11 மணிக்குள், வேலை நிறுத்தப்படும் 34 பேருக்கும் "பணியிடம் குறித்த சந்திப்பு" என்ற தலைப்பில் நாள்காட்டி அழைப்பு வரும். ஒவ்வொரு சந்திப்பும் 30 நிமிடம். உங்கள் நேரடி மேலாளரும் மனிதவளத் துறையிலிருந்து ஒருவரும் இருப்பார்கள். இது கூட்டாக நடக்காது, முன்பே பதிவுசெய்த காணொளி வழியாகவும் நடக்காது. விடுப்பில் இருப்பவர்களை மேலாளர் தொலைபேசியில் அழைப்பார். மகப்பேறு அல்லது மருத்துவ விடுப்பில் இருப்பவர்கள், பேசுவதற்கு வேறு நேரம் வேண்டுமென்றால் கேட்கலாம். குழு மாறும் 19 பேருக்கு "குழு மாற்றம்" என்ற தலைப்பில் தனி அழைப்பு வரும்.

மற்ற எல்லோருக்கும் 1 மணிக்கு, "உங்கள் பணியிடம் தொடர்கிறது" என்று தெளிவாகச் சொல்லும் மின்னஞ்சல் வரும். எதுவும் வராததை நல்ல செய்தி என்று யாரும் ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. 1.15 வரை எந்தச் செய்தியும் வராவிட்டால் அது எங்கள் தவறு. உடனே மனிதவளத் துறையை அழையுங்கள்.

யாருடைய மின்னஞ்சலும் நுழைவட்டையும் சந்திப்புக்கு முன் முடக்கப்படாது. வாடிக்கையாளர் தரவு இருக்கும் சேவையகங்களுக்கான அனுமதி மட்டும் சந்திப்பு முடிந்ததும் நிறுத்தப்படும். இது யார்மீதும் உள்ள சந்தேகத்தால் அல்ல. பணி விலகும் எவருக்கும் பொருந்தும் பழைய விதி. மின்னஞ்சல் இன்னும் 10 வேலைநாள்கள் இயங்கும். தனிப்பட்ட கோப்புகளை எடுத்துக்கொள்ளவும் சகாக்களிடம் விடைபெறவும் அது போதும் என்று நினைக்கிறோம். போதாவிட்டால் நீட்டிக்கிறோம்.

ஏன் இந்த முடிவு

பழைய பதிப்பு மென்பொருளின் வருவாய் தொடர்ந்து 5 காலாண்டுகளாகக் குறைந்திருக்கிறது. அதே காலத்தில் இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இவை வெளிக்காரணங்கள். இன்னொரு காரணம் எங்களுடையது. புதிய பதிப்பு விரைவில் விற்பனையாகும் என்று கணக்குப் போட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் உதவிப் பிரிவுக்குத் தேவைக்கு மேல் ஆள் எடுத்தோம். அந்தக் கணக்கு பிழையானது. கணக்குப் போட்டது தலைமைக் குழு. விலை கொடுப்பது வேறு சிலர். அதற்காக வருந்துகிறேன்.

இதற்கு முன்பே புதிய நியமனங்களை 8 மாதங்கள் நிறுத்தினோம், பயணச் செலவைப் பாதியாகக் குறைத்தோம், தலைமைக் குழுவின் ஊக்கத்தொகையை ரத்துசெய்தோம். பற்றாக்குறையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இவை ஈடுகட்டின. எல்லோருடைய ஊதியத்தையும் குறைப்பதைப் பற்றியும் பேசினோம். ஓராண்டுக்குள் அதே கேள்வி திரும்பி வரும் என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நீங்கள் இதில் மாறுபடலாம். அந்த விவாதம் விளக்கப்படத்தின் 9ஆம் பக்கத்தில் இருக்கிறது.

எந்தெந்தப் பணியிடங்கள், எப்படி முடிவானது

உதவிப் பிரிவில் 15, பழைய பதிப்பு மேம்பாட்டில் 11, விற்பனையில் 5, மேலாளர் நிலையில் 3. இரண்டு உதவிக் குழுக்கள் ஒன்றாகின்றன. பழைய பதிப்புக்கு இனிப் புதிய வசதிகள் சேர்க்கப்படமாட்டா. பிழைதிருத்தம் மட்டும் 18 மாதங்கள் தொடரும்.

முதலில் எந்த வேலை இனி இருக்காது என்று பார்த்தோம். பெயர்களை அதன்பின்தான் பார்த்தோம். ஒரே வேலையைப் பலர் செய்த இடங்களில், புதிய குழுவுக்குத் தேவையான திறன் பட்டியலுடன் ஒப்பிட்டோம். அது சமமாக இருந்தபோது பணிக்காலத்தைப் பார்த்தோம். கடந்த ஆண்டு மதிப்பீட்டு மதிப்பெண் கணக்கில் எடுக்கப்படவில்லை. எனவே வேலை இழப்பவர்களைப் பற்றி "சரியாக வேலை செய்யாதவர்கள்" என்று யாரேனும் சொன்னால் அது உண்மையல்ல. முடிவு தவறு என்று கருதுபவர்கள் 7 நாள்களுக்குள் எழுத்தில் மறுபரிசீலனை கோரலாம். முதல் முடிவில் பங்கெடுக்காத இருவர் அதைப் பார்ப்பார்கள்.

வேலை இழப்பவர்களுக்குக் கிடைப்பவை

அறிவிப்புக் காலம் 60 நாள்கள், முழு ஊதியத்துடன். அந்த நாள்களில் வேலைக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை. அதற்கு மேல், முடித்த ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 2 வார ஊதியம். எவருக்கும் 8 வாரத்துக்குக் குறையாது. ஆறு ஆண்டுகள் பணியாற்றியவருக்கு 12 வார ஊதியம் வரும். ஓராண்டு பணியாற்றியவருக்கு 8 வார ஊதியம். உங்களுக்குப் பொருந்தும் சட்டம் இதைவிட அதிகம் தரும் என்றால், அதுவே வழங்கப்படும். எடுக்காத விடுப்புக்கான பணம் கடைசி ஊதியத்துடன் சேரும். மருத்துவக் காப்பீடு, குடும்பத்தினருக்கும் சேர்த்து, கடைசி வேலைநாளிலிருந்து 6 மாதங்கள் தொடரும். நிறுவனத் தரவு அழிக்கப்பட்ட பிறகு மடிக்கணினியை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

சந்திப்பில் எந்தக் கடிதத்திலும் அன்றே கையெழுத்துப் போடச் சொல்லமாட்டோம். வீட்டுக்கு எடுத்துச் சென்று, வேண்டுமென்றால் வழக்கறிஞரிடம் காட்டி, 21 நாள்களுக்குள் திருப்பித் தரலாம். அனுபவச் சான்றிதழில் "பணியிடம் நீக்கப்பட்டதால் விலகினார்" என்று இருக்கும். நிறுவனத்துக்குள் 7 காலியிடங்கள் உள்ளன. வெளியே விளம்பரம் செய்யுமுன் 14 நாள்கள் அவை உங்களுக்காக மட்டும் திறந்திருக்கும். ஏழு இடங்கள் 34 பேருக்குப் போதாது. அதை மறைப்பதில் பயனில்லை.

தொடர்ந்து இருப்பவர்களுக்கு

ஆள் குறைந்து வேலை அப்படியே இருந்தால் மூன்றே மாதத்தில் மீதிப்பேரும் சோர்ந்துவிடுவார்கள். அதனால் அறிக்கைத் தானியக்கம், பழைய தரவு இடமாற்றம் ஆகிய இரு திட்டங்களையும் நிறுத்துகிறோம். உதவிப் பிரிவின் முதல் பதில் நேர இலக்கு 4 மணிநேரத்திலிருந்து 8 மணிநேரமாகிறது. வாடிக்கையாளர்களுக்கு நாளைக் காலை இதைத் தெரிவிப்போம். அதுவரை வெளியே பேசாமலிருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலை இழந்த சகாவின் பெயரை, அவரே சொல்லாதவரை, குழு அரட்டைகளில் பகிரவேண்டாம். அவரிடம் நேராகப் பேசுவதற்குத் தடை எதுவும் இல்லை.

இன்னொரு சுற்று வருமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இந்த நிதியாண்டில் வேறு பணிநீக்கத் திட்டம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு ஒருபோதும் இருக்காது என்று என்னால் வாக்குத் தர முடியாது. புதிய பதிப்பின் வருவாய் அடுத்த இரண்டு காலாண்டிலும் இலக்கைத் தொடாவிட்டால், செலவை மீண்டும் பார்க்க வேண்டிவரும். காலாண்டுதோறும் அந்த எண்ணை உங்கள் முன் வைப்போம்.

இன்று மாலை 4 மணிக்கும் வியாழன் காலை 10 மணிக்கும் அனைவருக்குமான கூட்டம் உண்டு. பெயர் சொல்லாமல் கேள்வி அனுப்பும் படிவம் இப்போதே திறந்திருக்கிறது. பதில் தெரியாத கேள்விகளுக்கு, எப்போது பதில் வரும் என்ற நாளையாவது சொல்வோம். வேலை இழப்பவர்களும் இரண்டு கூட்டங்களுக்கும் வரலாம்.

நிர்வாக இயக்குநர்
தலைமைக் குழுவின் சார்பில்