வளைவுத் தையல்

காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் வரை செல்வி தூங்கிக்கொண்டே வருவாள்.

அவளுக்கு ஒரே வேலை: ஷூவின் மேல்தோலில் ஒரு வளைவுத் தையல். ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, வளைவு வந்ததும் பெடலைத் தளர்த்தித் தோலைத் திருப்ப வேண்டும். சுருக்கம் விழாமல் திருப்ப அவள் கைக்குத் தெரியும். வேகம் மட்டும் அவள் கையில் இல்லை; அதைப் பலகையில் எழுதிய டார்கெட் சொல்லும். வெட்டுவது வேறு ஆள், அடிப்பாகம் ஒட்டுவது வேறு கூடம். ஜோடியாக முடிந்த ஷூவை அவள் தொட்டதே இல்லை.

பக்கத்து மெஷினில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். என்ன என்று கேட்கலாம்தான். அதற்குள் தைக்க வேண்டிய தோல் கட்டு சேர்ந்துவிடும், சூப்பர்வைசர் வந்துவிடுவார். செல்வி குனிந்தே இருந்தாள்.

ராத்திரி வீட்டில் தங்கைக்கு ரவிக்கை தைத்தாள். கழுத்தை அவளே வரைந்து, பிடிக்காமல் பிரித்து, மறுபடி தைத்தாள். வாய் தானாக ஒரு பாட்டை முணுமுணுத்தது.

"அம்மா, என் ஷூ கிழிஞ்சுபோச்சு. உங்க கம்பெனியில வாங்கித் தர்றியா?" என்றான் மகன்.

"அது ஜெர்மனிக்குப் போறதுடா. சம்பளம் வரட்டும், பஜார்ல வாங்கலாம்."