லிஃப்ட், பொது விளக்குகளுக்கு மொட்டைமாடி சோலார்

காரைக்குடி, ஜூன் 8

அன்புள்ள குடியிருப்பாளர்களுக்கு, வணக்கம்.

போன தடவை நம் பொது மீட்டருக்கு வந்த பில் 19,460 ரூபாய். லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார் மூன்றும் சேர்த்து. நம் ஊர் வெயிலை மாடியில் வீணாக விடுகிறோமே என்று அந்தத் தாளைப் பார்த்தபோது மனசு அடித்துக்கொண்டது.

10 கிலோவாட் சோலார் போடலாம் என்பது என் யோசனை. சுமார் 1,000 சதுர அடி வேண்டும். நாளுக்கு 40 யூனிட் வரை கிடைக்கும். உத்தேசச் செலவு 6 லட்சம். பிஎம் சூரியகர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அது போக 24 வீட்டுக்கும் தலா 17,500. மூன்று தவணையாகத் தரலாம். பகலில் மிஞ்சுவது இரவு விளக்குக்கு ஈடாக, மின்வாரியத்தில் நெட் மீட்டர் கேட்போம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பேட்டரி இல்லாததால் கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இருக்கத்தான் வேண்டும்.

அப்புறம், ஆச்சிமார் வற்றல் காயப்போடும் வடக்கு மூலையைத் தொட மாட்டோம். பேனல்கள் தெற்குப் பக்கம்தான்.

ஞாயிறு காலை 10 மணிக்கு மாடியிலேயே கூடுவோம். வர முடியாதவர்கள் சம்மதத்தை எழுதி வாட்ச்மேனிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்