கவினின் விடுப்புக் கடிதம்

சித்தப்பா, நாளைக்குக் கவினை ஸ்கூலுக்கு அனுப்பணும். மிஸ்ஸுக்கு லெட்டர் எழுதிப் பாத்தேன், நீண்டுக்கிட்டே போகுது. நீங்க ஹெட்மாஸ்டரா இருந்தவங்க, கொஞ்சம் திருத்திக் குடுங்க. நான் எழுதினது இதுதான்:

"மதிப்பிற்குரிய மிஸ் அவர்களுக்கு, வணக்கம். என் மகன் கவின் பிப்ரவரி 18ஆம் தேதியிலிருந்து வரவில்லை என்பது உங்களுக்கே தெரியும். தயவுசெய்து நாங்கள் ஊருக்கோ விசேஷத்துக்கோ போய்விட்டோம் என்று நினைக்க வேண்டாம். இந்தத் தடவை உண்மையாகவே உடம்பு சரியில்லை. 17ஆம் தேதி திங்கட்கிழமை ஸ்கூல் விட்டு வந்ததுமே சோர்ந்து படுத்துவிட்டான். சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் முதுகில் நாலைந்து கொப்புளம். காலையில் பார்த்தால் முகம், வயிறு எல்லா இடத்திலும் இருந்தது. என் மாமியார் அம்மா வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்று சொல்லி வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். ஆனால் நாங்கள் படித்தவர்கள்தான், இரண்டாம் நாளே டாக்டரிடம் காட்டினோம். காய்ச்சலுக்கு பாராசிட்டமால், அரிப்புக்கு காலமைன் லோஷன் கொடுத்தார். அவன் அப்பா கோயம்புத்தூரில் வேலையில் இருப்பதால் நான் ஒருத்தியே எல்லாம் பார்க்க வேண்டியிருந்தது. அதனால்தான் போன் பண்ணிச் சொல்ல முடியவில்லை. வீட்டில் பத்து நாளாகத் தாளிப்புகூட இல்லை. 25ஆம் தேதி முதல் தண்ணீர் ஊற்றினோம், வெள்ளிக்கிழமை இரண்டாவது, இன்றைக்கு ஞாயிறு மூன்றாவது.

இன்னொன்று சொல்ல வேண்டும். கவினுக்குப் பக்கத்தில் உட்காரும் பையனுக்கு ஜனவரி கடைசியில் இதே அம்மை போட்டிருந்ததாம். அவன் 10ஆம் தேதி பொருக்கோடு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவனை எப்படி அனுமதித்தீர்கள்? அதனால்தானே என் பிள்ளைக்கு வந்தது? நீங்கள் கவனித்திருக்கலாம்.

21ஆம் தேதி கணக்குப் பரீட்சை போய்விட்டது. மறுபடியும் வைப்பீர்களா, இல்லை மார்க் போய்விடுமா என்று கவின் தினமும் கேட்கிறான். முகத்தில் தழும்பு இருப்பதால் பசங்க கேலி பண்ணுவார்கள் என்று நேற்று ராத்திரி அழுதான். தவறாக எண்ண வேண்டாம், மன்னிக்கவும், மிகவும் வருந்துகிறேன். செல்வி."

*

செல்வி, படிச்சேன்மா. உன் கடிதத்துல பாதி, மிஸ் கேக்காத கேள்விக்குப் பதில். பொங்கல் லீவு முடிஞ்சும் ரெண்டு நாள் வளைகாப்புக்குத் தங்கிட்டு 'காய்ச்சல்'னு எழுதிக் குடுத்தியே, அந்தக் கூச்சம்தான் இப்ப இவ்வளவு பேச வைக்குது. அதுக்கு இந்தக் கடிதத்துல கணக்குத் தீக்காதே. டாக்டர் சான்றிதழ் கூட இருக்கு, அது போதும். 'இந்தத் தடவை உண்மையாகவே'ன்னு எழுதினா, போன தடவை என்னன்னு அவங்களுக்கே தோணிரும்.

அடுத்தது அந்தப் பையன் விஷயம். சின்னம்மை தொத்தினா வெளிய தெரியக் குறைஞ்சது பத்து நாளாவது ஆகும், இருபத்தோரு நாள்கூடப் போகும். 10ஆம் தேதி வந்த பிள்ளைகிட்டேருந்து 17ஆம் தேதிக்குள்ள வராது. பொருக்கு நல்லாக் காஞ்சுட்டா பரவவும் செய்யாது. கொப்புளம் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சிரும், அதான் சங்கடம். அந்தப் பையன்கிட்டேருந்தே வந்திருந்தாலும், ஜனவரி கடைசியில, அவனுக்கே தெரியாம இருந்த நாள்லதான் வந்திருக்கும். அப்ப யாரு கவனிக்க முடியும்? நம்ம கவினும் 17ஆம் தேதி முழுக்க அதே பெஞ்சிலதானே இருந்தான்! அடுத்த வாரம் வேற ஒரு அம்மா உன் பிள்ளையைப் பத்தி இப்படியே எழுதலாம். அதனால குறையை எடுத்துட்டு, மிஸ்ஸுக்கு உதவுற தகவலாப் போட்டிருக்கேன். வகுப்புல வேற யாருக்காவது கொப்புளம் வந்தா அவங்க சட்டுனு பிடிச்சுக்குவாங்க.

வேப்பிலை, தாளிப்பு, தண்ணி ஊத்தினதெல்லாம் வீட்டோட இருக்கட்டும். உங்க அத்தையைக் கடிதத்துல விட்டுக் குடுக்கவும் வேணாம். என் காலத்துல மாசி, பங்குனி வந்தா மேசை மேல இந்த மாதிரிக் கடிதம்தான். 'அம்மா இறங்கிட்டா'ன்னு ஒரே வரி எழுதி அனுப்புவாங்க, எங்களுக்கு எல்லாம் புரிஞ்சிரும்.

பரீட்சை மறுபடி வைக்கச் சொல்லிக் கேக்காதே, அது அவங்க முடிவு. எழுதத் தயார்னு மட்டும் சொல்லு.

தழும்பு விஷயத்தைத்தான் கடைசியில கொண்டு ஒளிச்சு வச்சிருக்கே. மிஸ் கையில நாளைக்குக் காலையிலேயே செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான். அதை விடலை. மன்னிப்பு மூணு தரம் கேட்டிருந்தே, ஒண்ணு வச்சிருக்கேன், அதுவும் போன் பண்ணாததுக்கு. இதைப் பாத்து உன் கையெழுத்துலயே எழுதிக் குடு.

*

மதுரை,
2.3.2025

மதிப்பிற்குரிய வகுப்பாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வகுப்பில் (ஐந்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு) படிக்கும் என் மகன் கவின், சின்னம்மை கண்டதால் பிப்ரவரி 18 முதல் 28 வரை ஒன்பது பள்ளி நாட்கள் வர இயலவில்லை. உடனே தெரிவிக்காததற்கு வருந்துகிறேன். அந்நாட்களுக்கு விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று மருத்துவர் பார்த்துவிட்டு, பொருக்குகள் முழுதும் காய்ந்துவிட்டன, பள்ளிக்கு அனுப்பலாம் என்று கூறினார். அவர் தந்த சான்றிதழை இணைத்துள்ளேன். கொப்புளம் தெரிந்த 17ஆம் தேதி அவன் வகுப்பில் இருந்ததால், மார்ச் 10 வரை மற்றப் பிள்ளைகள் யாருக்கேனும் அறிகுறி தெரிகிறதா என்று கவனிப்பது நல்லது எனத் தோன்றியது. ஆகவே தெரிவிக்கிறேன்.

விடுபட்ட பாடங்களைக் குறித்துத் தந்தால் வீட்டில் எழுதி முடித்துவிடுவான். 21ஆம் தேதி நடந்த கணக்குத் தேர்வை எழுத வாய்ப்பிருந்தால், தாங்கள் சொல்லும் நாளில் எழுதத் தயாராக இருக்கிறான்.

முகத்தில் உள்ள தழும்புகளைப் பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்று தயங்குகிறான். முதல் ஓரிரு நாட்கள் தாங்கள் சற்றுக் கவனித்துக்கொண்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
செல்வி
(கவினின் தாயார்)

இணைப்பு: மருத்துவச் சான்றிதழ்

*

சித்தப்பா, இது போதும், ஆனா மிஸ் டைரியிலயும் எழுதச் சொல்வாங்க. அதுல நாலு கோடுதான் இருக்கு.

நாலு கோட்டுக்கு இது:

"மிஸ், வணக்கம். கவினுக்குச் சின்னம்மை. பிப்ரவரி 18 முதல் 28 வரை வரவில்லை. இப்போது குணமாகிவிட்டது. மருத்துவச் சான்றிதழும் கடிதமும் அவனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நன்றி. – செல்வி, 3.3.2025"