30 ஓவருக்கு மேல் ஒரு பந்துகூட வேண்டாம்

எல்லாரும் கிட்ட வாங்கடா. ஷூ லேஸ் அப்புறம் கட்டிக்கொள்ளலாம். டாஸுக்கு இன்னும் 20 நிமிடம் இருக்கிறது. நேற்று ராத்திரி நம் ஸ்கோர் புக்கை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு மேட்ச், ஆறு வெற்றி. தோற்றது முதல் இரண்டிலும். முதல் மேட்ச்சில் 11 ரன்னில் தோற்றோம். அன்றைக்கு நாம் போட்ட வைடு மட்டும் 19. ரன் போனது ஒருபக்கம், அந்த 19 பந்தையும் திரும்பப் போட்டோமே! 3 ஓவர் 1 பந்து. அவர்களை 33 ஓவருக்கு மேல் ஆடவிட்டு, நாம் 30 ஓவரில் துரத்தினோம். பஸ்ஸில் வரும்போது பேட்ஸ்மேன்களைத்தான் திட்டினோம், நானும் சேர்ந்து. அது தப்பு.

அதற்கப்புறம் ஆறு மேட்ச்சுக்கும் சேர்த்தே வைடு 23தான். ஒரு தடவைகூட நாம் 160 தாண்டவில்லை, ஆனாலும் ஜெயித்தோம். கார்த்தி, அஸ்லம், தினமும் ஸ்கூல் விட்டதும் ஒற்றை ஸ்டம்ப்பை நட்டு வைத்துப் பந்து போட்டீர்களே, அந்த ஆறு வெற்றியும் அங்கே வந்ததுதான்.

இன்றைக்கு நம்மை எதிர்த்து ஆடப்போகிறவர்கள் அவர்களுடைய செமி ஃபைனலில் 148 எடுத்தார்கள். அதில் 20 ஃபோர், 2 சிக்ஸ். 22 பந்தில் 92 ரன்! மிச்சம் 158 பந்தில் எக்ஸ்ட்ராவையும் சேர்த்து 56தான். ஓடி ரன் எடுக்கும் பழக்கம் அவர்களுக்குக் குறைவு. அதனால் பத்து ஓவருக்குப் பிறகு டீப் மிட்விக்கெட்டும் ஸ்வீப்பர் கவரும் பவுண்டரியிலேயே நிற்கட்டும். சிங்கிள் போனால் யாரும் கத்த வேண்டாம். ஃபோர் வராவிட்டால் தூக்கி அடிப்பார்கள், கேட்ச் வரும்.

நம் பேட்டிங்கில் ஒரே ஒரு விஷயம். எட்டில் ஐந்து மேட்ச்சில், ஒரு விக்கெட் விழுந்த ஆறு பந்துக்குள் இன்னொன்றும் விழுந்திருக்கிறது. புதிதாக உள்ளே போகிறவன் முதல் ஆறு பந்தைத் தரையோடு ஆடு. எதிரில் நிற்கிறவன் பந்துக்குப் பந்து போய்ப் பேசு. விக்னேஷ், செமி ஃபைனலில் ஒன்பதாவதாக வந்து அப்படித்தான் ஆடினாய். நீ அடித்த 14 ரன் இல்லையென்றால் இன்றைக்கு நாம் இங்கே இல்லை. நைன்த் படிக்கிற பையன் என்று உன்னை யாரும் பார்க்கவில்லை.

ரன் குறைவாக வந்தாலும் தலையைத் தொங்கப்போட வேண்டாம். 1983 ஃபைனலில் லார்ட்ஸில் கபில்தேவ் அணி எடுத்தது 183தான். ரிச்சர்ட்ஸ், லாயிட் எல்லாம் இருந்த வெஸ்ட் இண்டீஸை 140-இல் சுருட்டினார்கள். இந்த பவுலிங்கை வைத்துக்கொண்டு நாமும் 140-ஐக் காப்பாற்றுவோம். எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது.

சரி, மணி, அந்த ஒற்றை ஸ்டம்ப்பை எடு. பவுலர் எல்லாரும் ஆளுக்கு ஆறு பந்து போட்டுவிட்டு வாங்க, நான் கீப்பிங் நிற்கிறேன்.