எண்ணூர் கழிமுக நீர்க் கண்காணிப்பு: புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் நோக்கமும் வரம்பும்

(பிரிவு 1-இல் பெயர், பதிவு எண், முகவரியுடன் குறிக்கப்பட்ட மகளிர் கல்லூரியின் விலங்கியல் துறை இனி ‘கல்லூரி’ எனவும், எண்ணூர் கழிமுகத்தில் தொழில் செய்யும் மீனவர் கூட்டுறவுச் சங்கம் இனி ‘சங்கம்’ எனவும் குறிக்கப்படும். இப்பிரிவுகள் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட்டு, உறுப்பினர்கள் சொன்ன திருத்தங்களோடு எழுதப்பட்டவை.)

பிரிவு 2: நோக்கம்

2.1 கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்தின் நீர் எந்நிலையில் இருக்கிறது என்பதை 24 மாதங்கள் இடைவிடாமல் அளந்து, அந்தக் கணக்கை அங்கே தொழில் செய்பவர்களின் கையில் தமிழில் கொடுப்பதே இந்த ஒப்பந்தத்தின் நோக்கம். மற்றவை எல்லாம் இதற்குத் துணையானவையே.

2.2 இந்தத் தேவை எப்படி வந்தது என்பதைப் பதிவு செய்ய இரு தரப்பும் விரும்புகின்றன. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு கழிமுகத்துக்குள்ளேயே எண்ணெய் புகுந்து, படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் கறுப்பாக ஒட்டியது. அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகப் படிந்ததில் ஆழம் குறைந்திருக்கிறது. காக்கா ஆழி என்னும் அயல் சிப்பியினம் பரவி, இறால் மேயும் சேற்றுத் தரையை மூடியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ‘இதற்கு முன்பு நீர் எப்படி இருந்தது, கணக்கு இருக்கிறதா?’ என்று கேட்கப்பட்டபோது, சங்கத்திடம் உறுப்பினர்களின் நினைவு மட்டுமே இருந்தது. அந்த நினைவு நம்பத்தக்கது. ஆனாலும் தேதியும் அளவும் இட்ட ஏடு ஒன்று அதன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2.3 முன்பு பலர் வந்து நீரும் சேறும் எடுத்துச் சென்றிருக்கிறார்கள். படகு கொடுத்தவர்களுக்கு முடிவு திரும்பி வரவில்லை என்பது சங்கத்தின் நெடுநாள் மனக்குறை. அது நியாயமானது என்று கல்லூரி ஏற்கிறது. ஆகவே, எந்த முடிவும் கல்லூரி வளாகத்துக்கு வெளியே போகும் முன் சங்கக் கூட்டத்தில் தமிழில் வாசிக்கப்படும். உறுப்பினர்கள் கருத்துச் சொல்ல 15 நாட்கள் தரப்படும். மாறுபட்ட கருத்து இருந்தால், அது அறிக்கையிலேயே அவர்கள் சொன்னபடி சேர்க்கப்படும். ஆனால், அளந்து கிடைத்த எண்ணை எவர் கேட்டாலும் மாற்றுவதில்லை.

2.4 இரண்டாவது நோக்கம் கற்பது. திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் வளர்ந்து, பாடப்புத்தகத்தில் கழிமுகத்தைப் படிக்கும் மாணவியர், தம் ஊர்க் கழிமுகத்தை அதை அறிந்தவர்களிடமிருந்தே கற்க வேண்டும். கழுத்தளவு நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பவருக்குக் காலடிச் சேற்றின் மாற்றம் தெரியும். அந்த அறிவைச் சொல்பவர் இந்த ஒப்பந்தத்தில் ஆசிரியராகவே கருதப்படுவார், ‘தகவல் தருபவர்’ என்று எங்கும் எழுதப்பட மாட்டார். அவர் விரும்பினால் அறிக்கையில் அவருடைய பெயர் இடம்பெறும்.

பிரிவு 3: வரம்பு

3.1 இடம். ஐந்து இடங்களில் மட்டும் நீர் எடுக்கப்படும்: முகத்துவாரம், ரயில் பாலத்தின் அடி, பக்கிங்காம் கால்வாய் கழிமுகத்தைச் சேரும் இடம், அலையாத்தி ஓரம், ஆற்றின் மேல்பகுதியில் சங்கம் காட்டும் ஓர் இடம். பழவேற்காடு ஏரியும் காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் இந்த வரம்பில் இல்லை. அங்கும் தேவை இருப்பதை அறிவோம். ஆனால் ஐந்து இடத்தை ஒழுங்காக அளப்பதற்கே இப்போதுள்ள ஆட்களும் படகும் போதும்.

3.2 காலம். ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மறுநாள், பகல் வற்றத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில் நீர் எடுக்கப்படும். ஏற்றத்தில் எடுத்தால் கடல்நீர் உள்ளே ஏறி, கழிமுகத்தின் உண்மை நிலையை மறைத்துவிடும் என்று மூத்த உறுப்பினர்கள் சொன்னதை ஏற்று இந்த நேரம் வைக்கப்பட்டது. புயல் எச்சரிக்கைக் கொடி ஏறிய நாளில் படகு இறங்காது. அந்த நாளுக்குரிய கட்டம் ஏட்டில் ‘எடுக்கவில்லை’ என்ற குறிப்போடு இருக்கும், ஊகித்து நிரப்பப்படாது.

3.3 அளப்பவை. வெப்பம், உவர்ப்பு, காரஅமிலத் தன்மை, கலங்கல், நீரில் கரைந்த ஆக்சிஜன் ஆகிய ஐந்து. இவற்றில் கரைந்த ஆக்சிஜனுக்குக் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் புட்டியைக் கல்லூரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே அதன் அளவு மாறிவிடும். எனவே குமிழி இல்லாமல் நிரப்பிய புட்டியில் மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் படகிலேயே சேர்த்து மூட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் படியும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். இந்த நிறத்தைப் படகில் இருக்கும் உறுப்பினர் பார்த்து, தன் கையால் ஏட்டில் எழுதிக் கையொப்பமிடுவார். துல்லியமான எண் பிறகு ஆய்வகத்திலிருந்து வரும். ஆனால் நீர் மூச்சுவிடுகிறதா என்பது அந்த இடத்திலேயே அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட வேண்டும்.

3.4 நீர் அளவோடு, அன்று கிடைத்த இறால், மடவை, நண்டு பற்றி உறுப்பினர் சொல்வதும், காக்கா ஆழி புதிதாகப் பரவிய இடமும் குறிக்கப்படும். எவர் எந்த இடத்தில் வலை போடுகிறார் என்பது ஏட்டிலோ வரைபடத்திலோ ஏறாது. அது அவரவர் பிழைப்பு.

3.5 சங்கம் தருவது: ஒரு படகு, ஓட்டுபவர் ஒருவர், இடம் காட்டும் மூத்த உறுப்பினர் ஒருவர். கல்லூரி தருவது: கருவிகள், வேதிப்பொருட்கள், பயிற்சி, மிதவை அங்கிகள், ஒரு நடைக்கு டீசல் உட்பட 1,800 ரூபாய். இந்தத் தொகை அன்றைக்கே கையில் தரப்படும், மாதக் கடைசி வரை தள்ளிப்போகாது. ஒரு நடையில் மாணவியர் நால்வருக்கு மேல் ஏறக் கூடாது. அங்கி அணியாதவர் கரையிலேயே நிற்பார்.

3.6 ஏடு இரண்டு படிகளாக எழுதப்படும். ஒன்று சங்க அலுவலகத்தில், ஒன்று கல்லூரியில். இரண்டும் மூலமாகவே கருதப்படும். சங்கம் தன் படியை எந்த அதிகாரியிடமும் நீதிமன்றத்திலும் காட்டலாம். அதற்குக் கல்லூரியின் அனுமதி தேவையில்லை.

3.7 வரம்புக்கு வெளியே உள்ளவை. ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களையும் மீன் உண்ணத் தகுந்ததா என்பதையும் இந்தக் கண்காணிப்பு சொல்லாது. அதற்கான கருவி கல்லூரியில் இல்லை. எண்ணெய்ப் படலம் தெரிந்தால் நேரமும் இடமும் புகைப்படமும் பதிவாகும், அது யாருடையது என்று இந்த ஏடு தீர்ப்புச் சொல்லாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் செய்ய வேண்டிய சோதனைக்கு இது மாற்றல்ல. ‘வேறொருவர் அளக்கிறார்கள்’ என்று காட்டி அந்தக் கடமையைத் தட்டிக்கழிக்க எவரும் இந்த ஒப்பந்தத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் இரு தரப்பும் உறுதியாக இருக்கின்றன.

3.8 கழிமுகக் கரையில் இயங்கும் எந்த ஆலையிடமிருந்தும் நிறுவனத்திடமிருந்தும் இந்தப் பணிக்குப் பணமோ கருவியோ இரு தரப்பும் பெறுவதில்லை. இழப்பீடு கேட்பது, மனு கொடுப்பது, வழக்குத் தொடுப்பது ஆகியவை சங்கத்தின் தனி உரிமை. இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதால் அவற்றில் எதுவும் குறையாது, நிறுத்தி வைக்கப்படவும் மாட்டாது.