நிலையாணை என்ன சொல்கிறது? வேலை நேரம், விடுமுறை, ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்வி பதில்

ஃபவுண்டரி, மெஷின் ஷாப், அசெம்பிளி, பேக்கிங் பிரிவுத் தொழிலாளர்களுக்காக, தொழிற்சங்க அலுவலகம்

நம் பம்ப் ஆலையின் நிலையாணைகள் டைம் ஆபிஸ் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகின்றன. தமிழிலும் இருக்கின்றன. ஆனால் ஒரு வாக்கியம் தொடங்கினால் பத்து வரி கழித்துத்தான் முடியும். அதனால் மெமோ கைக்கு வந்த பிறகே பலர் அந்தப் பெட்டியைத் தேடிப் போகிறார்கள். கேன்டீனில் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே எளிய பதில் எழுதியிருக்கிறோம். தொழிலாளர் துறை சான்றளித்த நிலையாணைதான் சட்டப்படி செல்லும். இந்தத் தாள் அதைப் புரிந்துகொள்ள ஒரு துணை.

வேலை நேரம்

நம் ஷிப்ட் நேரம் என்ன?
ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2 வரை, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10 வரை, சி ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6 வரை. வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். இந்த நேர அட்டவணை கேட் அருகே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதில் இல்லாத நேரத்தில் யாரையும் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்வதற்குள் அரை மணி நேர இடைவேளை கிடைக்க வேண்டும். உலையில் உலோகம் ஊற்றும் நாளில் இந்த இடைவேளை தள்ளிப்போவது வழக்கமாகிவிட்டது. அது சலுகை இல்லை, உரிமை. அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

ஐந்து நிமிடம் தாமதமாகப் பஞ்ச் பண்ணினால் அரை நாள் சம்பளம் போகுமா?
போகாது. வேலை செய்யாத நேரத்துக்குரிய சம்பளத்தை மட்டுமே பிடிக்கலாம். கால் மணி தாமதம் என்றால் கால் மணிச் சம்பளம், அவ்வளவுதான். ஆனால் தாமதம் பழக்கமாகிவிட்டால் அது தனிக் குற்றம். எத்தனை முறை வந்தால் 'பழக்கம்' என்று நம் நிலையாணையில் எண் கிடையாது. அதனால் பஸ் தாமதம், சைக்கிள் பஞ்சர் போன்ற காரணம் இருந்தால் அன்றே டைம் ஆபிஸில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நண்பனுக்கு அவசரம். அவன் கார்டை நான் பஞ்ச் பண்ணலாமா?
கூடாது. அது நேர்மையின்மை என்ற தலைப்பில் வரும். பஞ்ச் பண்ணியவர், பண்ணச் சொன்னவர் இருவர் வேலைக்கும் ஆபத்து. போன ஆண்டு இரண்டு பேருக்கு நாங்கள் வாதாடிப் பார்த்தோம், நிற்கவில்லை.

ஓ.டி. எப்போது தொடங்கும்? எவ்வளவு கிடைக்கும்?
ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலும் செய்யும் வேலைக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும் என்றது 2025 நவம்பர் வரை இருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948. நம் நிலையாணை ஒரு படி மேலே போய், ஷிப்ட் முடிந்த நிமிடத்திலிருந்தே ஓ.டி. என்கிறது. சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஒரு கணக்கு: அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, மற்ற படிகள் எல்லாம் சேர்த்து மாதம் 15,600 ரூபாய் வாங்குகிறீர்கள். 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 600, அதை 8 மணிக்கு வகுத்தால் மணிக்கு 75. ஓ.டி. மணிக்கு 150. ஏ ஷிப்ட் முடிந்து 4 மணி வரை இருந்தால் 300 ரூபாய். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் இரட்டிப்பாக்கிக் கொடுத்திருந்தால் அது தவறான கணக்கு, எங்களிடம் சீட்டைக் கொண்டு வாருங்கள்.

12 மணி நேர வேலை வந்துவிட்டது என்கிறார்களே?
2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அப்படியொரு திருத்தம் நிறைவேறியது உண்மை. எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு மே நாளில் அதைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. நம் ஆலையில் ஷிப்ட் 8 மணி நேரம்தான்.

விடுமுறையும் விடுப்பும்

வாரம் ஒருநாள் விடுமுறை என்றால் சி ஷிப்டுக்கு எப்படி எண்ணுவது?
இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். இரவு ஷிப்டில் இருப்பவருக்கு விடுமுறை என்பது ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து முழு 24 மணி நேரம். சனி இரவு வந்து ஞாயிறு காலை 6 மணிக்கு வெளியே போகிறீர்கள். உங்கள் விடுமுறை திங்கள் காலை 6 மணி வரை. ஞாயிறு இரவு 10 மணிக்குத் திரும்ப வரச் சொன்னால் கிடைத்தது 16 மணி நேரம்தான், அது வார விடுமுறையே அல்ல.

அவசர வேலைக்காக ஞாயிறு அழைக்கலாம். ஆனால் அதற்கு முன்போ பின்போ மூன்று நாளுக்குள் ஒருநாள் விடுமுறை தர வேண்டும், முழு நாள் விடுமுறை இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. விதிவிலக்கு உத்தரவால் விடுமுறை பறிபோனால் அதே மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ ஈடு விடுமுறை கிடைக்க வேண்டும்.

பண்டிகை விடுமுறை எத்தனை?
மொத்தம் 9. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் தமிழ்நாட்டுச் சட்டப்படி. மீதி ஐந்து நம் ஆலையில் பொங்கல், மாட்டுப்பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுதபூஜை, தீபாவளி. அன்று வேலைக்கு வந்தால் இரட்டைச் சம்பளம், அல்லது ஒரு நாள் சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் விடுமுறை. ரம்ஜானும் கிறிஸ்துமஸும் பட்டியலில் இல்லை, கொண்டாடுபவர்கள் சி.எல். போட்டுத்தான் போகிறார்கள். இது சரியில்லை என்பது எங்கள் கருத்து. அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்கப் போகிறோம்.

சி.எல்.?
ஆண்டுக்கு 10 நாள். உடம்புக்கு முடியாதபோது தவிர ஒரே நேரத்தில் 3 நாளுக்கு மேல் கிடையாது. திடீர்ச் சாவு என்றால் முன் அனுமதி பெற முடியாது, யார் மூலமாவது டைம் ஆபிஸுக்குத் தகவல் போனால் போதும்.

ஈ.எல். எனக்கு எத்தனை நாள் சேரும்?
2025 நவம்பர் வரை இருந்த சட்டப்படி, ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால், அடுத்த ஆண்டில் 20 நாள் வேலைக்கு ஒருநாள் வீதம். 280 நாள் செய்தவருக்கு 14 நாள். 240 நாளைக் கணக்கிடும்போது லே-ஆஃப், பேறுகால விடுப்பு, முந்தைய ஆண்டின் ஈ.எல். எல்லாம் சேரும்.

விடுப்புக்கு நடுவிலோ ஓரத்திலோ வரும் ஞாயிறும் பண்டிகை நாளும் ஈ.எல். கணக்கில் கழியாது. 4 நாளோ அதற்கு மேலோ எடுத்தால் விடுப்புச் சம்பளத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். இந்த உரிமையைப் பயன்படுத்தியவர் நம் ஆலையில் இதுவரை ஒருவரோ இருவரோதான்!

15 நாளுக்கு முன் எழுதிக் கொடுங்கள், ஆண்டில் மூன்று தடவை வரை பிரித்து எடுக்கலாம். எடுக்காத நாள் அடுத்த ஆண்டுக்குப் போகும், உச்சவரம்பு 30. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முறைப்படி விண்ணப்பித்து நிர்வாகம் மறுத்த விடுப்புக்கு அந்த வரம்பே கிடையாது. வாயால் கேட்டு வாயாலேயே மறுக்கப்பட்டதை எப்படி நிரூபிப்பீர்கள்? ஆகவே எழுத்தில் கேளுங்கள், நகலில் டைம் ஆபிஸ் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், நீங்கள் கேட்டால் அதன் நகலையும் தர வேண்டும்.

விடுப்பு முடிந்தும் ஊரிலிருந்து வர முடியவில்லை. வேலை போய்விடுமா?
விடுப்பு முடிந்து 8 நாளுக்குள் வந்து காரணம் சொல்லாவிட்டால் வேலை மீதான உரிமை போகும் என்று நிலையாணையில் இருக்கிறது. படித்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் இப்படித் தானாகவே வேலை போய்விடாது, விளக்கம் கேட்காமல் பெயரை நீக்கக் கூடாது என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எட்டாம் நாளுக்கு முன்பே பதிவுத் தபாலில் நீட்டிப்புக் கேட்டு எழுதிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இ.எஸ்.ஐ. விடுப்பில் இருக்கும்போது நீக்க முடியுமா?
முடியாது. நோய்க்கால உதவித்தொகை வாங்கும் நாட்களில் பணிநீக்கமோ வேறு தண்டனையோ தரக் கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டமே சொல்கிறது. மருத்துவச் சான்றை உடனே அனுப்பி வையுங்கள்.

தவறும் தண்டனையும்

எதெல்லாம் தவறு?
திருட்டு, மோசடி, லஞ்சம், வேண்டுமென்றே பொருளைச் சேதப்படுத்துவது, ஆலைக்குள் அடிதடி, குடித்துவிட்டு வருவது, அனுமதியின்றி 10 நாளுக்கு மேல் வராமலிருப்பது, தாமதத்தையும் அலட்சியத்தையும் பழக்கமாக்கிக்கொள்வது, சட்டவிரோத வேலைநிறுத்தம். பெண் ஊழியரிடம் பாலியல் சீண்டலும் இதில் சேரும். அந்தப் புகாரை 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். குழுவில் இருக்கும் பெண்களின் பெயர் பேக்கிங் பிரிவுப் பலகையில் இருக்கிறது.

சூப்பர்வைசர் சொன்னதைச் செய்யாவிட்டால்?
'சட்டத்துக்கு உட்பட்ட, நியாயமான' உத்தரவை வேண்டுமென்றே மீறினால்தான் தவறு. இந்த இரண்டு சொற்களையும் நினைவில் வையுங்கள். பாதுகாப்பு மூடி இல்லாத கிரைண்டரில் வேலை செய்யச் சொன்னால் அது நியாயமான உத்தரவா? மறுக்கலாம். ஆனால் கத்தாமல், காரணத்தைச் சொல்லி, முடிந்தால் எழுதிக் கொடுத்து மறுங்கள். கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தால் அப்புறம் கிரைண்டரை எல்லோரும் மறந்துவிடுவார்கள், அந்த வார்த்தைதான் என்கொயரியில் பேசப்படும்.

மெமோ வந்துவிட்டது. என்ன செய்வது?
வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுப்பதால் எந்த நன்மையும் இல்லை. கையெழுத்துக்குக் கீழே தேதியும் 'பெற்றுக்கொண்டேன்' என்ற சொல்லும் மட்டும் எழுதுங்கள். 'தவறு செய்தேன், மன்னிக்கவும்' என்று யாராவது அச்சடித்து நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத் தாளில் ஒருநாளும் போடாதீர்கள். 'சும்மா ஒரு சம்பிரதாயம்தான்' என்று சொல்லித்தான் நீட்டுவார்கள்.

பிறகு மெமோவோடு யூனியன் அறைக்கு வாருங்கள். குற்றச்சாட்டு எழுத்தில், நாள், நேரம், சம்பவம் தெளிவாக இருக்க வேண்டும். 'நடத்தை சரியில்லை' என்று பொத்தாம்பொதுவாக இருந்தால் விவரம் கேட்டுப் பதில் எழுதலாம். விசாரணையில் உங்களோடு ஒரு சக தொழிலாளி இருக்கலாம், நிர்வாகச் சாட்சிகளை நீங்கள் கேள்வி கேட்கலாம், உங்கள் சாட்சிகளைக் கொண்டு வரலாம். நடவடிக்கைத் தாளைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. புரியவில்லை என்றால் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சஸ்பெண்ட் ஆனால் சோற்றுக்கு வழி?
விசாரணை நடக்கும்வரை பிழைப்பூதியம் உண்டு. முதல் 90 நாள் பாதிச் சம்பளம், தாமதத்துக்கு நீங்கள் காரணமாக இல்லாவிட்டால் அதன்பின் முக்கால் பங்கு. தண்டனையாகத் தரும் சஸ்பென்ஷன் வேறு. அது 4 நாளைத் தாண்டக் கூடாது. அபராதம் என்றால் மாதச் சம்பளத்தில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது.

வேலையே போய்விட்டால்?
தண்டனை கொடுக்கும் முன் தவறின் அளவையும் உங்கள் பழைய பதிவையும் நிர்வாகம் கணக்கில் எடுக்க வேண்டும், உத்தரவின் நகல் தர வேண்டும். நீக்கப்பட்டவர் சங்கம் இல்லாமலேயே தொழிலாளர் அலுவலரிடம் வழக்கு எழுப்பலாம். 2025 நவம்பர் வரை இருந்த சட்டப்படி, 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நேரே தொழிலாளர் நீதிமன்றம் போக முடிந்தது. நீக்கப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போயாக வேண்டியிருந்தது.

நிலையாணையின் முழு நகல் யூனியன் அறையில் இருக்கிறது. தினமும் மதியம் 2.15 முதல் 3 மணி வரை திறந்திருக்கும். பி ஷிப்ட் தோழர்கள் 1.30-க்கே வரலாம். சி ஷிப்ட் தோழர்களுக்காகச் செவ்வாய்க்கிழமை காலை 6.15-க்கும் ஆள் இருப்பார்.